டன்னுக்கு 40 ரூபாய்

அரியலூர்ப் பக்கம் போனால் சாலையோரப் புழுதியே வெளுத்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த நிலம் அது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று டிப்பர் லாரிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு அள்ளிக்கொண்டு போகின்றன. லாரி எடைமேடையில் ஏறி இறங்கும்போது ஒரு சீட்டு வரும். அதில் வண்டி எண், எடை, நேரம் எல்லாம் இருக்கும். அந்தச் சுமையோடு சுரங்கமே கொஞ்சம் கிளம்பிப் போய்விட்டது என்று மட்டும் சீட்டில் இருக்காது. அதை எழுதுவது கணக்கரின் வேலை.

ஒரு லாரி வாங்கினால் ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் எழுதுகிறோம். லாரி தேய்ந்தாலும் அதே லாரியாகத்தான் நிற்கிறது. சுரங்கம் அப்படியல்ல. அது தேய்வதில்லை, குறைகிறது. எடுத்த கல் திரும்ப வராது. ஓர் ஆண்டு முழுக்க வேலை நிறுத்தம் என்றால் சுரங்கத்தில் ஒரு கல்லும் குறையவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு ஷிப்ட் ஓடினால் இரு மடங்கு குறைகிறது. ஆகவே இங்கே காலண்டர் கணக்கு செல்லாது, டன் கணக்குதான் செல்லும். சுரங்க அலுவலகங்களில் இதை டிப்ளீஷன் என்பார்கள். கட்டுரைக்கு வசதியாக நான் கரைவு என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சுரங்கத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, கணக்குப் போடும் முறை அசலானது. அரியலூர் வட்டாரத்தில் 50 ஹெக்டேர் குத்தகை நிலம். நிலம் வாங்கியது, துளையிட்டுப் பார்த்தது, பாதை போட்டது, முதல் கல் தெரியும் வரை மேல்மண் அகற்றியது எல்லாம் சேர்த்து 18 கோடி ரூபாய் செலவாயிற்று. கல் முழுக்கத் தீர்ந்த பிறகு அந்த நிலம் 1 கோடிக்காவது போகும் என்று மதிப்பீடு.

இந்த 18 கோடியோடு கணக்கை மூடிவிட்டால் பாதி உண்மைதான் எழுதியிருப்போம். குழி தோண்டியவர் அதைப் பாதுகாப்பான நிலையில் விட்டுப்போக வேண்டும் என்பது சட்டம். சுரங்கத் திட்டத்தோடு மூடல் திட்டமும் கொடுத்தால்தான் வேலை தொடங்கவே முடியும். செங்குத்தாக நிற்கும் விளிம்புகளைச் சரிவாக்க வேண்டும், சுற்றிலும் வேலி போட வேண்டும், ஒதுக்கிவைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி மரம் நட வேண்டும், அந்த மரங்கள் பிடிக்கும்வரை சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் சுரங்கத்தில் இதையெல்லாம் இன்றைக்கே செய்தால் 3 கோடியே 98 லட்சம் ஆகும் என்று பொறியாளர் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். ஆனால் வேலை நடக்கப்போவது 10 ஆண்டு கழித்து. கூலியும் டீசலும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று கொண்டால் அப்போது 6 கோடியே 48 லட்சம் வேண்டும்.

10 ஆண்டு கழித்துச் செலவழிக்கப்போவதை எதற்கு இன்று எழுத வேண்டும் என்று பல முதலாளிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கடமை பிறந்தது மண்வெட்டி பட்ட முதல் நாளில். குழி திறந்தாயிற்று, நாளைக்கே தொழிலை விட்டுப் போனாலும் மூடும் பொறுப்பு கூடவே வரும். அதனால் கணக்கியல் தரங்கள் அந்தக் கடனை முதல் நாளே ஏட்டில் ஏற்றச் சொல்கின்றன. இந்தியாவில் பெரிய கம்பெனிகள் பின்பற்றும் தரங்களில் சொத்து பற்றியது 16-ஆம் எண், ஒதுக்குகள் பற்றியது 37-ஆம் எண். இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது.

முழு 6 கோடியே 48 லட்சத்தையும் ஏற்றுவதில்லை. இன்றைக்கு எவ்வளவு எடுத்து வைத்தால் 8 சதவீத வட்டியில் வளர்ந்து 10 ஆண்டில் அந்தத் தொகையாகும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 கோடி வருகிறது. அந்த 3 கோடிதான் ஏட்டுக்குப் போகிறது. வட்டி விகிதத்தில் ஆடிட்டர்கள் கண் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 8-க்குப் பதில் 10 சதவீதம் என்று எழுதினால் அதே கடமை சுமார் 2 கோடியே 50 லட்சமாகச் சுருங்கிவிடும். குழி ஓர் அங்குலமும் மாறாமல், காகிதத்தில் மட்டும் 50 லட்சம் கடன் காணாமல் போகும்.

முதல் நாள் பதிவுகள் இப்படி அமையும்:

சுரங்கச் சொத்துக் கணக்கு, பற்று 18 கோடி. வங்கிக் கணக்கு, வரவு 18 கோடி.

சுரங்கச் சொத்துக் கணக்கு, பற்று 3 கோடி. மீட்புக் கடமை ஒதுக்கு, வரவு 3 கோடி.

இரண்டாவது பதிவில் ஒரு பைசாகூடக் கைமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கடன் ஏறியது. அதே அளவு சொத்தின் விலையும் ஏறியது. மூடும் செலவும் இந்தக் கல்லைப் பெறுவதற்காகக் கொடுக்கும் விலையில் ஒரு பங்குதான் என்பது இதன் பொருள். காசு 10 ஆண்டு கழித்துக் கொடுக்கிறோம், அவ்வளவே.

இப்போது சொத்து 21 கோடி. நிலத்துக்குக் கடைசியில் கிடைக்கும் 1 கோடியைக் கழித்தால் கல்லோடு கரையவேண்டியது 20 கோடி. இதை எத்தனை டன்னால் வகுப்பது? இங்கேதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

துளையிட்டுப் பார்த்தவர்கள் மண்ணுக்கடியில் 62 லட்சம் டன் இருக்கிறது என்றார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் எண். ஆனால் குத்தகை எல்லையோரம் 7.5 மீட்டர் அகலத்துக்குக் கல்லைத் தொடாமல் விட வேண்டும். குழியைப் படிப்படியாக இறக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கல் சிக்கிக்கொள்ளும். தோண்டும்போதும் ஏற்றும்போதும் கொஞ்சம் மண்ணோடு கலந்து வீணாகும். எல்லாம் கழித்து, உண்மையில் வெளியே வரக்கூடியது 50 லட்சம் டன். வகுக்க வேண்டியது இந்த எண்ணால்தான்.

20 கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் டன்னுக்கு 40 ரூபாய். ஆசைப்பட்டு 62 லட்சத்தால் வகுத்திருந்தால் 32 ரூபாய் சொச்சம் வரும். ஒவ்வொரு டன்னிலும் ஏழே முக்கால் ரூபாய் போலி லாபம் தெரியும். கடைசி ஆண்டில் குழி காலியாக இருக்கும். ஏட்டில் மட்டும் கோடிக்கணக்கில் சுரங்கம் மிச்சமிருக்கும்.

இந்த 40 ரூபாயை அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி என்று 2014-இல் வைத்தார்கள். அது கல் வெளியேறும்போது அரசுக்குப் போகிற காசு. கரைவு யாருக்கும் போகாது. ஏற்கெனவே போட்ட முதலிலிருந்து இவ்வளவு கல்லோடு போயிற்று என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

முதல் ஆண்டு முடிகிறது. மார்ச் 31-ஆம் தேதி சர்வேயர் குழியை அளக்கிறார். இப்போதெல்லாம் இதற்கு ட்ரோன் பறக்கிறது. குத்தகை 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆண்டுதோறும் ட்ரோன் படம் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் விதியே வந்துவிட்டது. அளந்ததில் குழி 1 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர் பெரிதாகியிருக்கிறது. பாறையாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் கல்லின் எடை இரண்டரை டன். ஆக வெளியே வந்தது 4 லட்சம் டன். கரைவு 1 கோடியே 60 லட்சம்.

இந்தத் தொகையை அப்படியே செலவில் தள்ளிவிடுவது அடிக்கடி பார்க்கும் அவசரம். 4 லட்சம் டன்னும் விற்றுவிடவில்லை. விற்றது மூன்றரை லட்சம். 50 ஆயிரம் டன் கிரஷர் பக்கத்தில் குவியலாகக் கிடக்கிறது. விற்காத கல்லின் கரைவு இன்னும் செலவாகவில்லை, குவியலோடு குவியலாகச் சரக்கிருப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பதிவு இரண்டு படியாகப் போகும்:

சுண்ணாம்புக்கல் சரக்கிருப்பு, பற்று 1 கோடியே 60 லட்சம். திரண்ட கரைவு, வரவு 1 கோடியே 60 லட்சம்.

விற்ற சரக்கின் அடக்கம், பற்று 1 கோடியே 40 லட்சம். சரக்கிருப்பு, வரவு 1 கோடியே 40 லட்சம்.

இருப்பில் நிற்பது 20 லட்சம். தோண்டும் கூலி, வெடிமருந்து, டீசல், ராயல்டி ஆகியவற்றுக்கு இதேபோல் தனிப் பதிவுகள் உண்டு. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு பதிவு இருக்கிறது. மூடும் நாள் ஓர் ஆண்டு நெருங்கிவிட்டது. அதனால் 3 கோடிக் கடன் 8 சதவீதம் வளர்ந்துவிட்டது.

வட்டிச் செலவு, பற்று 24 லட்சம். மீட்புக் கடமை ஒதுக்கு, வரவு 24 லட்சம்.

இதில் டன் கணக்கு கிடையாது. ஒரு லாரிகூடக் கிளம்பாத ஆண்டிலும் இது எழுதப்பட வேண்டும். குவியலின் விலையிலும் சேராது, நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டாம் ஆண்டு இது 25 லட்சத்து 92 ஆயிரமாகும், ஆண்டுக்காண்டு ஏறிப் பத்தாம் ஆண்டில் 48 லட்சத்தைத் தொடும். எல்லாம் கூடினால் கடன் சரியாக 6 கோடியே 48 லட்சத்தில் வந்து நிற்கும்.

குவியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சுரங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். ஆண்டு முடிவு இருப்பு, புத்தகத்தில் இருக்கவேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் காட்டியது. மேலாளர் முகத்தில் மகிழ்ச்சி. இருப்பு கூடினால் லாபமும் கூடும் அல்லவா! சர்வேயரை ஓரமாக அழைத்து, "என்ன அண்ணே, கல்லு குட்டி போட்டுருக்கா?" என்றேன்.

"நான் கன மீட்டரைத்தான் சார் குடுத்தேன். டன்னா மாத்துனது ஆபீஸ்ல" என்றார்.

அலுவலகத்தில் குவியலின் கன அளவையும் இரண்டரையால் பெருக்கியிருந்தார்கள். பாறையாக இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. உடைத்துக் குவித்த கல்லுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றுதான். அங்கே அந்தக் கல்லுக்குக் கன மீட்டருக்கு 1.6 டன் தேறினால் உண்டு. நம் எண்களில் வைத்துப் பார்த்தால், 31,250 கன மீட்டர் குவியல் உண்மையில் 50 ஆயிரம் டன். இரண்டரையால் பெருக்கினால் 78,125 டன். இல்லாத 28,125 டன்னுக்கு 40 ரூபாய் வீதம் பதினொன்றே கால் லட்சம், கரைவில் மட்டும், லாபமாக எழுந்துவிடும். கூலியும் டீசலும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. இதைப் பிடிக்க பெரிய வித்தை தேவையில்லை. குழியில் எடுத்ததிலிருந்து எடைமேடைச் சீட்டுகளின் மொத்தத்தைக் கழித்தால் குவியல் வரவேண்டும். 4 லட்சத்தில் மூன்றரை போனால் அரை லட்சம். குவியல் அதற்கு ஒத்துவரவில்லையென்றால் எங்கோ ஒரு பெருக்கல் தவறு, அல்லது இரவில் சீட்டில்லாமல் போன லாரி.

இரண்டாம் ஆண்டு சந்தை சூடு. 6 லட்சம் டன் எடுத்தார்கள். கரைவு 2 கோடியே 40 லட்சம். இரண்டு ஆண்டில் மொத்தம் 4 கோடி கரைந்து, 16 கோடி மிச்சம். புத்தகக் கணக்குப்படி 40 லட்சம் டன் குழியில் இருக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் தெற்கு மூலையில் புதிதாகப் போட்ட துளைகளில் கல்லுக்குப் பதில் களிமண் கலந்த அடுக்கு வந்தது. சிமெண்ட் ஆலை அதைத் தொடாது. மறுமதிப்பீட்டில் மிச்சமிருப்பது 32 லட்சம் டன்தான்.

இங்கே இரண்டு எண்கள் ஒரே நேரத்தில் அசைகின்றன. வகுக்கும் எண் 40 லட்சத்திலிருந்து 32 லட்சமாகக் குறைந்தது, சரி. கூடவே சுரங்கத்தின் ஆயுளும் 8 ஆண்டிலிருந்து 6 ஆண்டாகக் குறைந்துவிட்டது. மூடும் நாள் 2 ஆண்டு முன்னால் வந்துவிட்டது. 2 ஆண்டு விலையேற்றம் மிச்சமாவதால் மூடும் செலவு 5 கோடியே 88 லட்சமாகக் குறைகிறது. ஆனால் வட்டியில் வளர்வதற்குக் கிடைத்த காலமும் குறைந்ததால் அதன் இன்றைய மதிப்பு, 3 கோடியே 50 லட்சமாக இருந்தது, சுமார் 3 கோடியே 71 லட்சமாக ஏறுகிறது. செலவு குறைந்து கடன் கூடியிருக்கிறது. கேட்பதற்கு விந்தையாக இருக்கும். பிள்ளையின் கல்யாணம் இரண்டு ஆண்டு முன்னதாக நிச்சயமான வீட்டில் கேட்டால் உடனே புரியும்.

சுரங்கச் சொத்துக் கணக்கு, பற்று 21 லட்சம். மீட்புக் கடமை ஒதுக்கு, வரவு 21 லட்சம்.

இந்த ஏற்றமும் சொத்தின் விலையோடுதான் சேரும், நட்டமாக எழுதுவதில்லை. 16 கோடியே 21 லட்சத்தை 32 லட்சத்தால் வகுத்தால் இனி டன்னுக்கு 50 ரூபாய் 66 காசு. மூன்றாம் ஆண்டு 5 லட்சம் டன் எடுத்தால் கரைவு சுமார் 2 கோடியே 53 லட்சம். பழைய விகிதத்தில் 2 கோடிதான் இருந்திருக்கும். போன இரண்டு ஆண்டுகளின் கணக்கைத் திறந்து திருத்துவதில்லை. அன்று தெரிந்ததை வைத்து அன்று எழுதினோம். அது பிழையல்ல, மதிப்பீடு மாறியது. ஆனால் துளை அறிக்கை முதலிலேயே கையில் இருந்து, அதைப் பார்க்காமல் 50 லட்சம் என்று எழுதியிருந்தால் அது பிழை. அப்போது பழைய ஆண்டுகளையும் திருத்தித்தான் ஆக வேண்டும். கல் விலை விழுந்து, மிச்சமுள்ள 32 லட்சம் டன்னை விற்றாலும் 16 கோடி தேறாது என்ற நிலை வந்தால் விகிதத்தை மாற்றினால் மட்டும் போதாது. சொத்தின் மதிப்பையே வெட்ட வேண்டும்.

இன்னொரு குழப்பம், வங்கி உத்தரவாதத்தைப் பற்றியது. மூடல் வேலையைச் செய்யாமல் ஓடிவிடாதிருக்க, பயன்படுத்தும் நிலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் நிதி உத்தரவாதம் கேட்கிறது அரசு. 2021 திருத்தத்தின்படி முழு இயந்திரச் சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம். நம் சுரங்கத்தில் 30 ஹெக்டேர் பயன்பாட்டில் இருந்தால் ஒன்றரைக் கோடிக்கு உத்தரவாதம் கொடுத்திருப்போம். "அதான் கட்டியாச்சே, அப்புறம் என்ன ஒதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உத்தரவாதம் என்பது அரசு பிடித்துவைத்திருக்கும் ஒரு கயிறு. கடமையின் அளவை அது சொல்வதில்லை. ஒன்றரைக் கோடிக்குக் கயிறு, ஆறு கோடிக்கு வேலை.

அதைவிட ஆபத்தான மயக்கம் ஒதுக்கு என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஏட்டில் 3 கோடியே 71 லட்சம் ஒதுக்கு என்று இருப்பதால் எங்கோ ஒரு பெட்டியில் அந்தப் பணம் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அது கடன் மட்டுமே. கரைவும் அப்படித்தான், லாபத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, ரொக்கத்தைச் சேர்த்து வைக்காது. கரைவாக எழுதிய தொகை கையில் ரொக்கமாக நிற்பதைப் பார்த்து அதையும் சேர்த்துப் பங்கு பிரித்துக்கொண்ட கூட்டாளிகள், கடைசி லாரி போனபின் வேலி போடக் காசில்லாமல் நிற்பார்கள். நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய அரசு தனி வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் ரொக்கமாகவே போடச் சொல்வதற்கு இதுதான் காரணம். நெய்வேலிக்கும் அது பொருந்தும். சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கட்டாயம் இல்லாததால், விவரமான முதலாளிகள் தாங்களாகவே ஒரு வைப்புநிதி போட்டுவருகிறார்கள். அதற்குத் தனிப் பதிவு. ஒதுக்கோடு கழித்துக்கொள்ள முடியாது.

இடையில் சில வேலைகள் நடக்கும். ஒரு பக்கம் கல் தீர்ந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் சரிவாக்கி மரம் நட்டால், ஆன செலவை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒதுக்கில் பற்று, வங்கியில் வரவு. செலவு ஏற்கெனவே டன் டன்னாகவும் வட்டியாகவும் கணக்கில் வந்துவிட்டது. மறுபடி எழுதினால் ஒரே மரத்துக்கு இரண்டு முறை கூலி.

எட்டாவது ஆண்டு முடிவில், எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தால், கடைசி டன் எடைமேடையைத் தாண்டும். திரண்ட கரைவு 20 கோடியே 21 லட்சத்தில் நிற்கும், சொத்து நிலத்தின் 1 கோடியாகச் சுருங்கியிருக்கும். அந்த 1 கோடியையும் அப்போது ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். தண்ணீர் தேங்கிய குழியை யார் வாங்குவார்? மீன் வளர்க்கவோ, ஊருக்கு நீர்த்தேக்கமாகவோ கேட்பவர் இருந்தால் சரி. முதல் நாளே அதைப் பூச்சியம் என்று வைத்திருந்தால் 40 ரூபாய் 42 ஆகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல் தீர்ந்தபின் கணக்கர் வீட்டுக்குப் போக முடியாது. வேலி வேலையும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இன்னும் மூன்று ஆண்டு ஓடும். செலவழிக்காமல் மீதமிருக்கும் ஒதுக்குக்கு ஆண்டுதோறும் வட்டி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நட்ட கன்றுகளில் பாதி வெயிலில் பட்டுப்போய் மறுபடி நடவேண்டி வந்தால், கூடுதலாகும் 10 லட்சத்தைச் சொத்தின் விலையில் ஏற்ற இனி வழியில்லை. சுமப்பதற்கு டன்னே இல்லையே. அது அந்த ஆண்டின் நட்டமாக நேரே இறங்கும், வருமானமே இல்லாத ஓர் ஆண்டில்.